திரும்பி வந்த பணம் மறுநாளே மீண்டும் போனது ஏன்? பள்ளத்தூர் ஆச்சியின் இணையக் கடைக் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவரின் இணையக் கடைக் கணக்கில், 2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பாக, அவர் செய்யாத நான்கு ஆர்டர்கள் பதிவாகியிருந்தன. அவற்றுள் இரண்டை அடுத்த வீட்டு மாணவி ஒருவர் உடனே ரத்து செய்தார். பணமும் அன்றே திரும்பி வந்தது. ஆனால் மறுநாள் விடியற்காலையில் அதே பணம் மீண்டும் செலவாகியிருந்தது. செய்யாத ஆர்டரைக் கண்டதும் முதலில் ரத்து செய்ய வேண்டும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். அந்த எண்ணம் எங்கே பொய்த்துப்போகிறது என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுவதால் இதை விரிவாக எழுதுகிறேன். காரைக்குடியில் நான் நடத்தும் கணினிச் சேவை மையத்துக்கு இத்தகைய சிக்கல்களோடு பலர் வருகிறார்கள். ஆச்சியின் சம்மதத்துடன், அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கி இதை எழுதியிருக்கிறேன். கடையின் பெயரையும் குறிப்பிடவில்லை.

கணக்கில் என்ன இருந்தது

ஆச்சியின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். தாயாருக்கு வேண்டிய அட்டைப்பெட்டி, ஒட்டும் நாடா, பலகாரம் அடைக்கும் உறை ஆகியவற்றை அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று, தம் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து பரிசு அட்டைகளாக வாங்கி ஆச்சியின் கணக்கில் சேர்த்துவிடுவது அவர் வழக்கம். ஒரு பரிசு அட்டையின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே அம்முறை இரண்டு அட்டைகளாக 20,000 ரூபாய் சேர்த்திருந்தார். அதில் 1,460 ரூபாய்க்கு ஆச்சி உறைகள் வாங்கியது போக 18,540 ரூபாய் இருப்பு இருந்தது. இந்தத் தொகை ஆச்சியின் சிட்டையில், அவர் கைப்பட, தேதியோடு எழுதப்பட்டிருந்தது. வரவையும் செலவையும் அன்றன்றே சிட்டையில் ஏற்றிவிடும் பழக்கம் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் உண்டு. அந்தப் பழக்கம் இங்கே பெரிதும் உதவியது.

இருப்பைத் தவிர, அதே கணக்கில் 'வாங்கிவிட்டுப் பிறகு செலுத்தும்' கடன் வசதி ஒன்றும் இயங்கிக்கொண்டிருந்தது. எப்போதோ ஒரு தள்ளுபடிக்காக அதை இயக்கிவைத்ததாகவும், பிறகு மறந்துவிட்டதாகவும் ஆச்சி சொன்னார். மூன்றாவதாக ஒரு டெபிட் அட்டையும் சேமிக்கப்பட்டிருந்தது.

திருடியவர் இம்மூன்றில் டெபிட் அட்டையைத் தொடவே இல்லை. இந்தியாவில் வழங்கப்பட்ட அட்டையைக் கொண்டு உள்நாட்டு இணையக் கடையில் பணம் செலுத்த வேண்டுமானால் கைப்பேசிக்கு வரும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் அட்டை எண்ணைக் கடைகள் தம்மிடம் வைத்துக்கொள்ளவும் முடியாது, அதற்குப் பதிலாக வழங்கப்படும் டோக்கனையே வைத்திருக்க முடியும். ஆகவே அடுத்தவர் கணக்கில் நுழைபவர் ஓடிபி கேட்காத வழிகளைத் தேடுகிறார். பரிசு அட்டை இருப்புக்கு அந்தக் கடையில் ஓடிபி இல்லை. கடன் வசதியும், ஒருமுறை இயக்கிவைத்த பிறகு, ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்பதில்லை. வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தியும் வராமல் இத்தனை தொகை போனது எப்படி என்று ஆச்சி வியந்ததற்கு இதுதான் விடை. அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை 2,150 ரூபாய்க்கு அட்டைப்பெட்டிகள் வாங்க முயன்றபோது இருப்பு போதவில்லை என்று திரை காட்டியது. சிட்டையில் 18,540, திரையில் 642. ஆச்சி அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவியை அழைத்தார். அந்தப் பெண் ஆர்டர் பட்டியலைத் திறந்து பார்த்தபோது பழைய உறைகளும் பெட்டிகளும் மட்டுமே அதில் இருந்தன. புதிதாக ஒன்றும் இல்லை. மின்னஞ்சலிலும் ஆர்டர் உறுதிச் செய்தி எதுவும் வந்திருக்கவில்லை.

பலர் இந்த இடத்திலேயே நின்று, கடையின் கணக்கில்தான் ஏதோ பிழை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த மாணவி அப்படி விடாமல், இருப்பின் வரவு செலவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அதில் இரவு 1.50க்கு 9,999 ரூபாய், 1.54க்கு 7,899 ரூபாய் என்று இரண்டு பற்றுகள் இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் ஆர்டர் எண் இருந்தது. அந்த எண்ணைத் தொட்டதும்தான் ஆர்டரே திறந்தது: ஒன்று காதில் மாட்டும் ஒலிக்கருவி, மற்றொன்று கைக்கடிகாரம்; இரண்டும் வேறு மாநிலத்து முகவரி ஒன்றுக்கு. ஆர்டர்களைப் பட்டியலிலிருந்து ஒதுக்கி, காப்பகத்துக்குள் தள்ளிவைக்கும் வசதி அந்தக் கடையில் உண்டு. திருடியவர் அதைப் பயன்படுத்தியிருந்தார். ஆர்டர் பட்டியலை இப்படி மறைக்கலாம். இருப்பின் வரவு செலவை மறைக்க வழியில்லை. ஐயம் எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். காப்பகத்தைத் திறந்தபோது மூன்றாவது ஆர்டரும் கிடைத்தது: கடன் வசதியில் வாங்கிய 14,490 ரூபாய்க் கைப்பேசி.

முதல் இரண்டும் அப்போது பொட்டலமாகக் கட்டப்படவில்லை என்பதால் ரத்து பொத்தான் வேலை செய்தது. கைப்பேசி மட்டும் கிடங்கை விட்டுக் கிளம்பியிருந்தது. மதியத்துக்குள் 17,898 ரூபாய் திரும்பி வந்து, இருப்பு மறுபடியும் 18,540 ஆயிற்று. மாணவி கடைக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றினார். அத்துடன் சிக்கல் தீர்ந்தது என்றே அனைவரும் நம்பினர்.

சனிக்கிழமை விடியற்காலை 3.10க்கு 17,990 ரூபாய்க்கு நான்காவது ஆர்டர் போனது. மீதம் 550 ரூபாய். "கடவுச்சொல்லை மாத்தியாச்சே தம்பி, பிறகு எப்படி உள்ளே வந்தான்?" என்று கேட்டபடியே ஆச்சி அன்று காலை என் மையத்துக்கு வந்தார்.

வழி எங்கே திறந்திருந்தது

அந்தக் கடையில் உள்நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கடவுச்சொல், மற்றொன்று, பதிவு செய்த மின்னஞ்சலுக்கோ கைப்பேசிக்கோ வரும் ஒருமுறை எண். மின்னஞ்சல் திருடியவர் கையில் இருந்தால், கடைக் கணக்கின் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அது அவருக்குத் தடையாகாது. வளவு வீட்டின் முகப்புக் கதவைப் பூட்டிவிட்டு, பின்கட்டில் அடுத்த தெருவுக்குத் திறக்கும் கதவை மறந்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே ஆகியிருந்தது.

மின்னஞ்சல் திருடியவர் கையில் இருக்கிறதா என்பதை வெளியிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். செய்யாத ஆர்டர் பதிவாகும் அதே வேளையில், அறியாத தளங்களிலிருந்து நூற்றுக்கணக்கான வரவேற்பு மடல்கள் வந்து குவிந்தால், திருடியவரிடம் மின்னஞ்சல் இல்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஆர்டர் உறுதி மடலை அவரால் அழிக்க முடியாததால் குப்பையைக் கொட்டி அதை மறைக்கப் பார்க்கிறார். அத்தகைய குவியலைக் கூண்டோடு அழிக்காமல், கடையின் பெயரைத் தேடி அந்த ஒரு மடலை எடுத்துவிட வேண்டும். இதற்கு மாறாக, ஆர்டர் நடந்தது உறுதி, ஆனால் ஒரு மடல்கூட வரவில்லை என்றால், அந்த மடலை உள்ளேயே இருந்து யாரோ ஒதுக்குகிறார்கள் என்று பொருள். ஆச்சிக்கு நேர்ந்தது இந்த இரண்டாம் வகை, கவலைக்குரியதும் இதுவே.

ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் குப்பைத்தொட்டியும் ஸ்பேமும் தேடலில் சேராது. எனவே தேடும் பெட்டியில் இப்படி எழுதினோம்:

```
in:anywhere subject:order newer_than:7d
```

நான்கு ஆர்டர்களுக்கும் உரிய மடல்கள் குப்பைத்தொட்டியில், படித்தவையாகக் குறிக்கப்பட்டுக் கிடந்தன. குப்பைத்தொட்டியைத் திறந்தபோது, ஒருமுறை எண் தாங்கிய இரண்டு மடல்களும் அவற்றோடு இருந்தன. குப்பைத்தொட்டியில் உள்ளவை 30 நாளில் தாமாக அழிந்துவிடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் இந்தச் சான்று கிடைத்திருக்காது.

இவற்றைக் குப்பைக்கு அனுப்பியது எது என்பதைக் கைப்பேசிச் செயலியில் காண முடியாது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் Filters and Blocked Addresses என்ற பக்கத்துக்குச் செல்ல வேண்டும். ஆச்சி ஒருபோதும் திறந்திராத அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வடிகட்டி இருந்தது: அந்தக் கடையின் முகவரியிலிருந்து வரும் எந்த மடலையும் படித்ததாகக் குறித்து அழித்துவிடு. கடவுச்சொல்லை மாற்றினாலும் வடிகட்டி அழியாது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறினாலும் அது அப்படியே இருந்து வேலை செய்யும். மீட்பு மின்னஞ்சல் இருக்கும் இடத்தில் ஆச்சிக்குத் தெரியாத முகவரி ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. அதுவும் கடவுச்சொல் மாற்றத்தால் நீங்குவதில்லை.

மின்னஞ்சலுக்குள் எப்படி நுழைந்தார் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் haveibeenpwned.com தளத்தில் ஆச்சியின் மின்னஞ்சல் முகவரியை இட்டுப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் அவர் பதிவு செய்திருந்த வேறொரு தளத்தின் கசிவில் அது இருந்தது. அங்கே கொடுத்த கடவுச்சொல்லும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் ஒன்றே என்று ஆச்சி நினைவுகூர்ந்தார். கசிந்த முகவரி, கடவுச்சொல் இணைகளை எடுத்து ஒவ்வொரு சேவையிலும் இட்டுப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. இந்த நிகழ்வுக்கு அதுவே பொருந்தும் காரணம் என்பது என் கருத்து.

பூட்டியது எந்த வரிசையில்

முதலில் எதையும் அழிக்கவில்லை. வடிகட்டி, மீட்பு முகவரி, கடைக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்த அந்நிய விநியோக முகவரி, நான்கு ஆர்டர்களின் விவரம், இருப்பின் வரவு செலவு ஆகிய ஒவ்வொன்றையும் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்தோம். அந்நிய முகவரியைக் கண்டவுடன் அதை நீக்கத்தான் எவருக்கும் கை துடிக்கும். ஆனால் அது முதல் ஆர்டருக்கு நான்கு நிமிடம் முன்னதாகச் சேர்க்கப்பட்டது என்பதுதான் பின்னர் நமக்கு வாய்த்த வலுவான சான்றுகளுள் ஒன்று.

அடுத்து மின்னஞ்சல். என் மையத்துக் கணினியில் கடவுச்சொல்லை மாற்றி, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உள்ள சாதனப் பட்டியலில் ஆச்சியின் கைப்பேசி தவிர்த்த அனைத்தையும் வெளியேற்றினோம். பிறகு வடிகட்டியை நீக்கி, Forwarding and POP/IMAP பக்கத்தில் வேறு எங்கும் மடல் அனுப்பப்படவில்லை என்பதை உறுதி செய்து, மீட்பு முகவரியாக மகனின் முகவரியை வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கினோம். அப்போது கிடைக்கும் மாற்று எண்களை ஆச்சி தம் சிட்டையின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். கைப்பேசி தொலைந்தால் அந்த எண்கள் இல்லாமல் உள்ளே வருவது கடினம் என்பதால், அவற்றைக் கைப்பேசியிலேயே படமாக வைத்திருப்பதால் பயனில்லை.

இங்கே ஒரு வரம்பைச் சொல்ல வேண்டும். மீட்பு முகவரியை மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை பழைய முகவரிக்கு எண் அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் விட்டுவைக்கிறது. கணக்கைப் பறிகொடுத்தவர் மீண்டும் உள்ளே வர உதவும் ஏற்பாடு அது. ஆனால் பழைய முகவரி திருடியவருடையதாக இருக்கும்போது அதுவே இடராகிறது. ஆகவே அந்த ஒரு வாரம் கடைக் கணக்கில் புதிதாகப் பணம் எதுவும் சேர்க்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லி வைத்தோம்.

மின்னஞ்சல் பூட்டப்பட்ட பிறகே கடைக் கணக்குக்கு வந்தோம். அங்கும் புதிய கடவுச்சொல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றம், கைப்பேசி எண் மாறவில்லை என்ற உறுதி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஆகியவை முடிந்தன. இத்தனைக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. ரத்து செய்யும் வாய்ப்பு பொருள் கிடங்கை விட்டுக் கிளம்பும் வரைதான் என்பதால் இந்தத் தாமதம் இழப்பாகாதா என்று கேட்கலாம். ஆகக்கூடும், அதனால்தான் இருவர் இருந்தால் ஒருவர் பூட்டும்போதே மற்றவர் கடையின் உதவிப் பகுதியில் எழுத்து உரையாடலைத் தொடங்கி, ஆர்டர்களை நிறுத்திவைக்கும்படி கேட்க வேண்டும். பூட்டாமல் ரத்து செய்தால் பணம் வந்த வழிக்கே, அதாவது அதே கணக்கின் இருப்புக்கே திரும்புகிறது. திருடியவர் அங்கேதான் காத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ரத்து செய்ததால் நேர்ந்த பயன், அவருக்கு இன்னொரு முறை செலவழிக்கக் கிடைத்ததுதான்.

கடையைத் தொடர்புகொள்ளச் செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியையே பயன்படுத்தினோம். இணையத்தில் 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று தேடிக் கிடைக்கும் எண்களில் பல மோசடிக்காரர்கள் பரப்பியவை. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லித் திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள், எஞ்சிய வங்கிக் கணக்கும் போய்விடும்.

புகாரை எந்தப் பெயரில் பதிவது

சனிக்கிழமை 11.40க்கு உதவி உரையாடல் தொடங்கியது. நான்காவது ஆர்டர் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. கடன் வசதியில் வாங்கிய கைப்பேசியையும் இதையும் வழியிலேயே நிறுத்திக் கிடங்குக்குத் திருப்பும்படி எழுதினோம். கைப்பேசி நின்றது, சில நாளில் கிடங்குக்கே திரும்பியது. நான்காவது ஆர்டர் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அந்த வெளிமாநில முகவரியில் அது ஒப்படைக்கப்பட்டது.

உரையாடலில் இருந்த ஊழியர் புகாரைப் 'பொருள் வந்து சேரவில்லை' என்ற வகையில் பதிவு செய்திருந்தார். செவ்வாய்க்கிழமை, பொருள் ஒப்படைக்கப்பட்டதற்குப் பதிவு உள்ளது என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். அந்த வகைக்கு அது சரியான பதில்தான். ஏனென்றால் பொருள் ஒருவரிடம் சேர்ந்தது உண்மை. அதேபோல் 'திருப்பி அனுப்புகிறேன்' என்ற வகையைத் தேர்ந்தாலும் காரியம் கெடும்: பொருள் நம் கையில் இருப்பதாக நாமே ஒப்புக்கொண்டதாகிறது, எடுத்துச் செல்ல வருபவர் திருடியவரின் வாசலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவார், கோரிக்கையும் அங்கேயே மூடப்படும். புகார் சொல்ல வேண்டியது ஒன்றே: இந்த ஆர்டரை நான் செய்யவில்லை, என் கணக்கில் அந்நியர் நுழைந்து செய்தார். அந்த வகை பட்டியலில் இல்லாவிட்டால், எந்த வகையையும் தொடாமல் எழுத்து உரையாடலில் அதே சொற்களைக் கேட்டு வாங்கிப் பதிய வேண்டும்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். மூடப்பட்ட புகாரை மீண்டும் திறக்கக் கெஞ்சாமல், அந்த அலுவலருக்கே புதிதாக எழுதினோம். மடல் ஒரு பக்கந்தான். நான்கு ஆர்டர்களும் நேரத்தோடு வரிசையாக, அந்நிய முகவரி சேர்க்கப்பட்ட நேரம், அதுவரை அந்தக் கணக்கில் இல்லாத சாதனத்திலிருந்து நுழைந்தது, வடிகட்டியின் படம். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வரியைத் தனியே நிறுத்தி எழுதினோம்: இந்த ஆர்டர் அந்நியர் செய்தது என்று சனிக்கிழமை 11.40க்கே தங்களுக்கு எழுத்தில் தெரிவித்தோம், பொருள் ஒப்படைக்கப்பட்டது அதற்கு மறுநாள். தொலைபேசியில் பேசியிருந்தால் இந்த வரியை எழுத முடிந்திருக்காது. எழுத்து உரையாடலின் படியை மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருந்ததால் முடிந்தது.

பரிசு அட்டை, பணப்பை போன்ற முன்செலுத்துக் கருவிகளுக்கும், வங்கிக் கணக்குக்கு 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் உள்ளதைப் போன்ற பாதுகாப்பை ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்தது. குறை வாடிக்கையாளரிடமும் இல்லாமல், கருவியை வழங்கியவரிடமும் இல்லாமல், மூன்றாம் நபரால் நேர்ந்திருந்து, பரிமாற்றச் செய்தி கிடைத்த மூன்று நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாளுக்குள் தெரிவித்தால், ஒரு பரிமாற்றத்துக்கு அதன் மதிப்பு அல்லது 10,000 ரூபாய், இவற்றுள் குறைவானதே வாடிக்கையாளரின் பொறுப்பு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்ததானால், அவர் தெரிவிக்கும் வரையிலான இழப்பை அவரே ஏற்க வேண்டும். ஆனால் கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில்தான் இருக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை, எந்த இணைப்பையும் அழுத்தவில்லை என்று ஆச்சி மடலில் உறுதிபட எழுதியது இதற்காகத்தான். அது உண்மையும்கூட. ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடத்தில் வைத்ததைக் கவனக்குறைவு என்று நிறுவனம் வாதிட இடமுண்டு. இங்கே அவ்வாறு வாதிடவில்லை.

அதே சனிக்கிழமை நண்பகலில் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிந்தோம். வங்கியிலிருந்து வங்கிக்குப் போன பணமாக இருந்தால், போன கணக்கில் அதை முடக்கிவைக்க அந்த ஏற்பாடு உடனே உதவும். பணம் பொருளாக மாறிவிட்ட இத்தகைய நிகழ்வில் முடக்குவதற்கு ஒன்றும் இல்லை; ஆயினும் அங்கே கிடைக்கும் ஒப்புகை எண், நாம் எப்போது தெரிவித்தோம் என்பதற்கு அரசுப் பதிவாக நிற்கிறது. உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் பெற்றோம். பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இரண்டு ஆவணங்களின் படிகளும் குறைதீர் அலுவலருக்கு அனுப்பிய மடலோடு சென்றன.

கடன் தனிக் கணக்கு

பலர் தவறவிடும் இடம் இது. கடன் வசதியில் வாங்கிய கைப்பேசி கிடங்குக்குத் திரும்பிவிட்டது, கடையும் ஆர்டரை ரத்து செய்துவிட்டது என்றால் கடனும் தானே நீங்கிவிடும் என்று நினைக்கிறோம். கடன் தந்தது கடை அல்ல. அதன் பின்னால் இருக்கும் வங்கியோ நிதி நிறுவனமோதான். கடை ரத்து செய்த செய்தி அங்கே போய்ச் சேர்ந்து பதிவாகும் வரை தவணை ஓடிக்கொண்டே இருக்கும். தவணை தவறினால் அபராதமும் சேரும், ஆச்சியின் பெயரில் கடன் வரலாற்றிலும் அது ஏறும். ஆகவே கடன் தந்த நிறுவனத்துக்குத் தனியே, எழுத்தில், இந்தக் கடனை நான் பெறவில்லை என்று ஆர்டர் எண்ணோடும் 1930 ஒப்புகை எண்ணோடும் எழுதினோம். எதிர்பார்த்தபடியே அடுத்த மாதத் தொடக்கத்தில் தவணைக்கான செய்தி வந்தது. முன்பே எழுதியிருந்த மடலைச் சுட்டி மறுமொழி அனுப்பியதும், தொகையும் அதன் மேல் ஏறியிருந்த கட்டணமும் நீக்கப்பட்டன. நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தராமலிருந்தாலோ, மறுத்திருந்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகக் கட்டணமின்றி முறையிட்டிருக்கலாம். அதற்குத் தேவை ஏற்படவில்லை.

நான்காவது ஆர்டரின் 17,990 ரூபாய், குறைதீர் அலுவலருக்கு எழுதிய மூன்றாம் வாரத்தில், தீபாவளி முடிந்த பிறகு, இருப்பில் திரும்பி வந்தது. பொருள் ஒப்படைக்கப்படும் முன்பே வாடிக்கையாளர் தெரிவித்திருந்ததைக் கருதி என்று அவர்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. முன்பிருந்த 550 ரூபாயோடு சேர்த்து 18,540 என்று ஆச்சி சிட்டையில் எழுதி, பழைய பதிவோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார். அந்தத் தொகைக்கு அன்றே பெட்டிகளும் உறைகளும் வாங்கி இருப்பைத் தீர்த்துவிட்டார். கடன் வசதியை மூடும்படி நிறுவனத்துக்கு எழுதி, மூடியதற்கான மடலைப் பெற்றோம். மகன் இப்போது பரிசு அட்டை வாங்குவதில்லை. ஆச்சியின் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறார், அங்கிருந்து யு.பி.ஐ. வழியாக, ஒவ்வொரு முறையும் பின் எண் இட்டு, ஆச்சி வாங்குகிறார். காவல் நிலையத்தில் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. பொருளைப் பெற்றுக்கொண்ட வெளிமாநில முகவரியும், ஒப்படைத்தபோது பதிவான விவரங்களும் கடையிடமிருந்து அவர்களுக்குச் சென்றிருக்கின்றன.